ஆங்கில ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குவது எப்படி: செய்முறையும் ஆபத்தும் மாறாமல் இருக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் மருத்துவ ஆராய்ச்சியில் சேர்பவர் படித்துக் கையெழுத்திடும் ஒரே ஒரு கற்பனைப் படிவத்தை எடுத்துக்கொள்கிறோம். இரைப்பைப் புண்ணுக்கான புதிய மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கானது அது. பங்கேற்பவருக்கு, வாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையின் உட்சுவரிலிருந்து 6 சிறு துணுக்குகள் எடுப்பார்கள். பாதி பேருக்கு மருந்து, பாதி பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. படிவத்தில் வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

எளிய தமிழில் எழுதினால் துல்லியம் போகிறது, துல்லியமாக எழுதினால் யாருக்கும் புரிவதில்லை. எதை விட்டுக்கொடுப்பது?

எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கலைச்சொல்லைக் காப்பாற்றுவதுதான் துல்லியம் என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. காப்பாற்ற வேண்டியது செய்தியை. ஆபத்தைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்க்கும் முன் ஒரு தாளில் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: என்ன நேரும், எங்கே, எத்தனை பேருக்கு, எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம், நேர்ந்தால் என்ன செய்வார்கள், அது எவ்வளவு உறுதி.

நம் படிவத்தின் வாக்கியம் சொல்வது இது: துணுக்கு எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம், பெரும்பாலும் தானே நிற்கும், அரிதாக, அதை நிறுத்த மறுபடி எண்டோஸ்கோபி தேவைப்படலாம். இதை ஒருவர் இப்படி மொழிபெயர்த்தார் என்று வைத்துக்கொள்வோம்: "சிறிது ரத்தக் கசிவு ஏற்படலாம். பயப்படத் தேவையில்லை, தானாகவே நின்றுவிடும்." படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் தாளோடு ஒப்பிட்டால் ஐந்து தவறுகள் தெரியும். எங்கே கசியும் என்பது விடுபட்டுவிட்டது. "சிறிது" மூலத்தில் இல்லை. "பயப்படத் தேவையில்லை" என்பதும் இல்லை. "பெரும்பாலும்" விழுந்துவிட்டது. மறுபடி எண்டோஸ்கோபி செய்ய நேரலாம் என்ற செய்தி முழுதாகக் காணாமல் போய்விட்டது.

சரியான வடிவம் இதைவிடக் கடினமானது ஒன்றும் இல்லை: "துணுக்கு எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம். பெரும்பாலும் அது தானாக நின்றுவிடும். அரிதாகச் சிலருக்கு, ரத்தத்தை நிறுத்த மறுபடியும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டி வரலாம்."

கலைச்சொல்லை விரித்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு. ஆறுதல் சொல்லவோ அச்சுறுத்தவோ உரிமை இல்லை.

"மே", "மைட்", "குட்", "வில்" எல்லாவற்றுக்கும் "லாம்" போட்டால் போதுமா?

முதல் மூன்றையும் தனித்தனியாகக் காட்ட மெனக்கெட வேண்டியதில்லை. "லாம்", "கூடும்" இரண்டில் எது வாக்கியத்தில் இயல்பாக அமைகிறதோ அதைப் போடுங்கள். ஆனால் "வில்" வரும் இடத்தில் "லாம்" வரவே கூடாது. "6 துணுக்குகள் எடுப்போம்" என்பதை "எடுக்கலாம்" என்று எழுதினால், எடுக்காமலும் விடுவார்கள் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். அவர் ஒப்புக்கொண்டது வேறு, அவருக்குச் செய்வது வேறு என்றாகிவிடும்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. "லாம்" நேரக்கூடியதையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். "ரத்தம் கசியலாம்" என்றால் யாரும் குழம்பமாட்டார்கள். "நீங்கள் தூக்க மருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்றால்? விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள்படுகிறது. மூலமோ, சிலருக்கு அது தரப்படக்கூடும் என்று மட்டுமே சொல்கிறது. இத்தகைய இடங்களில் முடிவெடுப்பவர் யார் என்று மூலத்தில் தேடுங்கள். இருந்தால், "உங்களுக்குத் தூக்க மருந்து தேவைப்படலாம். தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்" என்று எழுதிவிடலாம். இல்லாவிட்டால் ஆராய்ச்சிக் குழுவிடம் கேளுங்கள்.

"மயக்கம்" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமே, அதில் என்ன தவறு?

எல்லோருக்கும் புரியும், ஆனால் ஆளுக்கொரு விதமாகப் புரியும். தலை சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம். நினைவிழந்து விழுவதும் மயக்கம்தான். மருந்தால் வரும் தூக்கக் கலக்கத்தையும் அப்படியே சொல்கிறோம். ஆங்கிலப் படிவம் இவற்றை வெவ்வேறு ஆபத்துகளாகப் பட்டியலிட்டிருக்கும். தமிழில் மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால் பட்டியலில் இரண்டு காணாமல் போகும். ஆகவே "தலைச்சுற்றல்", "நினைவிழந்து விழுதல்", "தூக்கக் கலக்கம்" என்று பிரித்தே எழுதுங்கள்.

எண்டோஸ்கோபியில் இது இன்னும் முக்கியம். நம் படிவத்தில் வருவது முழு மயக்கம் அல்ல. ஊசி வழியாக மருந்து தந்து அரைத்தூக்க நிலைக்குக் கொண்டுசெல்வார்கள். கூப்பிட்டால் பதில் சொல்ல முடியும். நடந்தது பிறகு நினைவில் இல்லாமலும் போகலாம். "மயக்க மருந்து கொடுப்போம்" என்று எழுதினால், ஒன்றுமே தெரியாது என்று நம்பி வந்தவர் பாதியில் விழித்துக்கொண்டு பதறிப்போவார். தொண்டையில் தெளிக்கும் மருந்து இன்னொன்று. அது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது. அதை "உள்ளூர் மயக்க மருந்து" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று படிப்பவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. "தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்போம்" என்றால் போதும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் மூன்று சொற்கள் உண்டு. பேச்சில் "நரம்பில் ஊசி" என்பது ரத்தக் குழாயைக் குறிக்கும். படிவத்தில் நரம்புப் பாதிப்பு தனி ஆபத்தாக வருமானால் இரண்டும் மோதும். "ரத்தக் குழாய்" என்று எழுதி, "நரம்பு" என்ற சொல்லை உண்மையான நரம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். "ஊசி போடுவோம்" என்றால் மருந்து ஏற்றுவது. ரத்தம் எடுப்பதற்கு அதை எழுதினால் தனக்கு ஏதோ மருந்து ஏற்றப்போகிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். "ரத்தக்கட்டு" என்பதைப் பெரும்பாலானோர் அடிபட்டுத் தோல் கன்றிப்போவதாகவே எடுத்துக்கொள்வார்கள். குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பதற்கும் அதே சொல்லைப் போட்டால், உயிருக்கு ஆபத்தான ஒன்று நீலத் தழும்பாகச் சுருங்கிவிடும். ஒன்றை "தோல் கன்றிப்போதல்" என்றும் மற்றதை "ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைதல்" என்றும் எழுதுங்கள்.

"நாட் ஆல் ரிஸ்க்ஸ் ஆர் நோன்" என்பதை "எல்லா ஆபத்துகளும் தெரியாது" என்று எழுதினேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டார். ஏன்?

அந்தத் தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. சில தெரியும், சில தெரியாது என்றும் கொள்ளலாம். எதுவுமே தெரியாது என்றும் கொள்ளலாம். "எல்லா", "அனைத்து", "ஒவ்வொரு" ஆகியவற்றோடு எதிர்மறை வினை சேரும்போதெல்லாம் இந்தக் குழப்பம் காத்திருக்கும். எதிர்மறையைப் பிரித்து எடுத்துவிடுவதே வழி: "இந்த மருந்தின் ஆபத்துகள் சில தெரியும். இதுவரை தெரியவராத ஆபத்துகளும் இருக்கலாம்."

"எல்லோருக்கும் பயன் கிடைக்காது" என்ற வாக்கியத்துக்கும் இதே மருத்துவம்தான்: "சிலருக்குப் பயன் கிடைக்கலாம், சிலருக்குக் கிடைக்காமல் போகலாம்."

பக்க விளைவுகளின் "காமன்", "அன்காமன்", "ரேர்" பிரிவுகளுக்கு என்ன தமிழ்?

முதலில், "சாதாரணமான பக்க விளைவுகள்" என்று எழுதாதீர்கள். இந்த வேலையில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுவாகத்தான் இருக்கும். தமிழில் சாதாரணம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று பொருள். மூலம் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்கிறது. தமிழ் அது அற்பமானது என்று சொல்லிவிடுகிறது. "பலருக்கு வரக்கூடியவை" என்று எழுதினால் எண்ணிக்கை எண்ணிக்கையாகவே இருக்கும்.

அடுத்து, சொல்லை மட்டும் நம்பாமல் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய மருந்துத் தகவல் தாள்களின் வழக்கப்படி, 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை வந்தால் "காமன்". 1,000 பேரில் 1 முதல் 10 பேர் என்றால் "அன்காமன்". 10,000 பேரில் 1 முதல் 10 பேர் என்றால் "ரேர்". உங்கள் படிவமும் இதே வரையறையைத்தான் பின்பற்றுகிறதா என்று பார்க்காமல் எண்ணைச் சேர்க்காதீர்கள். படிவத்தில் எண் இல்லையென்றால் ஆராய்ச்சிக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாகப் போடாதீர்கள்.

எண்ணைத் தமிழில் சொல்வதிலும் ஒரு நெருடல் உண்டு. "1,000 பேரில் 1 நபருக்கும் குறைவானவர்களுக்கு இரைப்பைச் சுவரில் ஓட்டை விழலாம்" என்றால், ஒரு ஆளுக்கும் குறைவான ஆள் யார் என்று வாசகர் தடுமாறுவார். "10,000 பேருக்கு எண்டோஸ்கோபி செய்தால், அவர்களில் 10 பேருக்கும் குறைவானவர்களுக்கு ஓட்டை விழலாம்" என்று பெருக்கிச் சொன்னால் கணக்கு மாறாது, வாக்கியமும் நிற்கும். அப்படிச் செய்தால் அந்தப் பகுதியில் உள்ள மற்ற எண்களையும் 10,000-க்கே மாற்றுங்கள். ஒன்று 100-க்கும் இன்னொன்று 10,000-க்கும் இருந்தால், எது அதிகம் என்று ஒப்பிட முடியாமல் போகும்.

கடைசியாக ஒரு சின்ன எழுத்து: ஏகாரம். "10 பேருக்கும் குறைவானவர்களுக்கே", "சிலருக்கு மட்டும்தான்" என்று நம் கை தானாக எழுதும். "ஏ", "மட்டும்", "தான்" மூன்றும் ஆபத்தைச் சிறியதாக்கிக் காட்டும். மூலத்தில் "ஒன்லி" இல்லாத இடத்தில் இவை இருக்கக் கூடாது. முடித்த பிறகு ஆபத்துப் பகுதியில் இவற்றை மட்டும் தேடி ஒருமுறை களையெடுங்கள்.

"சிவியர்", "சீரியஸ்" இரண்டுக்கும் "கடுமையான" என்று போடலாமா? மரணத்தை எப்படிச் சொல்வது?

ஆராய்ச்சி மொழியில் இவை ஒன்றல்ல. முதலாவது வலியோ வாந்தியோ எவ்வளவு கடுமை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது விளைவைச் சொல்கிறது: இறப்பு, உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்க நேர்வது, நிலையான ஊனம் போன்றவை. கடுமையான தலைவலி ஒருவரை நாள் முழுக்கப் படுக்க வைத்தாலும் இரண்டாம் வகையில் சேராமல் இருக்கலாம். முதலாவதற்குக் "கடுமையான" சரி. இரண்டாவதற்கு "தீவிரமான" என்று போட்டு நிறுத்தினால் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. முதன்முறை வரும் இடத்தில் படிவத்தின் வரையறையையே சேர்த்துவிடுங்கள்: "தீவிரமான பாதிப்பு, அதாவது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கோ உயிருக்கு ஆபத்தான அளவுக்கோ போகும் பாதிப்பு…" என்று.

மரணம் என்று வரும்போது நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை தயங்கும். "இறப்பு நேரலாம்" என்பது "உயிருக்கு ஆபத்து ஏற்படலாம்" என்று மென்மையாகிவிடும். பிழைத்துக்கொள்வதற்கும் இடம் வைக்கும் தொடர் அது. ஆங்கிலப் படிவங்களில் இரண்டும் தனித்தனியாகவே வரும். மூலம் இறப்பைச் சொன்னால் "இறக்க நேரலாம்" என்றே எழுதுங்கள். அமங்கலம் என்று கருதி மாற்றும் உரிமை இங்கே கிடையாது. அதே நேரத்தில், "இறக்கும் வாய்ப்பு உள்ளது" என்றும் வேண்டாம். வாய்ப்பு என்பது நல்லதுக்குச் சொல்லும் சொல், காதில் உறுத்தும்.

"ரேண்டமைசேஷன்", "பிளாசிபோ" இரண்டுக்கும் குலுக்கல் முறை, போலி மருந்து என்று எழுதுவது வழக்கம்தானே?

வழக்கம்தான், ஆனால் இரண்டுமே தவறான படத்தைக் காட்டுகின்றன. குலுக்கல் என்றால் பரிசு. மருந்து விழுந்தவர் வென்றவர், விழாதவர் தோற்றவர் என்று ஆகிவிடும். புதிய மருந்து நல்லதா என்பதே இன்னும் தெரியாத கட்டத்தில் இது பெரிய தவறு. அகராதியில் கிடைக்கும் "சீரற்ற முறையில்" ஒழுங்கில்லாமல் நடத்துகிறார்கள் என்று படும். "தோராயமாக" முற்றிலும் வேறு பொருள். "போலி மருந்து" என்றால் சட்டவிரோதமாக விற்கும் கலப்பட மாத்திரைதான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

இப்படி விரித்து எழுதலாம்: "உங்களுக்கு எந்த மாத்திரை என்பதை நீங்களோ மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல, கணினி அதை முடிவு செய்யும். 2 பேரில் ஒருவருக்கு ஆராய்ச்சி மருந்து கிடைக்கும். மற்றவருக்குப் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் மருந்து எதுவும் இல்லாத மாத்திரை கிடைக்கும். இதைப் பிளாசிபோ என்பார்கள்." ஆராய்ச்சியில் 3 பேரில் 2 பேருக்கு மருந்து என்று இருந்தால் நாணய உவமையை எடுத்துவிடுங்கள். நாணயம் பாதிக்குப் பாதியையே சொல்லும்.

செய்முறைப் பகுதியில் அளவுகளும் நேரங்களும் எங்கே தவறுகின்றன?

"8 மணி நேரம் விரதம்" என்று எழுதினால், விரதத்தில் பாலும் பழமும் உண்டு என்று வழக்கப்படி வருபவர் இருப்பார். இரைப்பையில் உணவு இருந்தால் எண்டோஸ்கோபியின்போது அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். "8 மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது" என்று எழுதி, தண்ணீர் குடிக்கலாமா, எதுவரை குடிக்கலாம் என்பதை மூலத்தில் உள்ளபடி தனி வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ரத்தத்தின் அளவை ஆங்கிலப் படிவங்கள் பலவும் கரண்டியில் சொல்லும். தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. இரண்டையும் "ஸ்பூன்" என்றால், 30 மி.லி. எடுக்கும் இடத்தில் 10 மி.லி. என்று படிப்பவர் நினைக்கலாம். மி.லி. முதலில், கரண்டி அதன் பிறகு.

"2 மாத்திரை 3 வேளை" என்பதும் இரண்டு பொருள் தரும். "வேளைக்கு 2 மாத்திரை வீதம், ஒரு நாளைக்கு 3 வேளை" என்றால் தெளிவு. "வீதம்" என்ற பழைய சொல் இங்கே நன்றாக உழைக்கும்.

தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் பின்மொழிபெயர்ப்பில் எந்தக் குறையும் வரவில்லை. அது போதாதா?

போதாது. மேலே பார்த்த பிழைகளை அதில் ஓட விட்டுப் பாருங்கள். "சாதாரணமான பக்க விளைவுகள்" என்பதைத் திரும்ப ஆங்கிலமாக்குபவர் "காமன்" என்றே எழுதுவார். "சீரற்ற முறை" சரியாக "ரேண்டம்" ஆகித் திரும்பும். "எல்லா ஆபத்துகளும் தெரியாது" என்பதும் பெரும்பாலும் மூலமாகவே திரும்பிவரும். சொல்லுக்குச் சொல் ஒட்டிய மொழிபெயர்ப்புகளே இந்தச் சோதனையில் அதிகம் தேறும். வாசகருக்குப் புரியாததும் அவைதான். விட்டுப்போன வாக்கியம், மாறிய எண், இடம் மாறிய "இல்லை" ஆகியவற்றைப் பிடிக்க அது நல்ல கருவி. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

மற்றதைக் கண்டுபிடிக்க, மருத்துவத்தோடு தொடர்பில்லாத 5 முதல் 8 பேரிடம் படிவத்தைப் படிக்கக் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்படிக் கேளுங்கள்: குழாயை எந்த வழியாக, எதுவரை விடுவார்கள்? அப்போது உங்களுக்கு நினைவு இருக்குமா? 10,000 பேரில் எத்தனை பேருக்கு ஓட்டை விழலாம்? எந்த மாத்திரை என்று யார் முடிவு செய்வார்கள்? நடுவில் விலகினால் என்ன ஆகும்? பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே தவறான பதிலைச் சொன்னால் குறை வாக்கியத்தில் இருக்கிறது, அவர்களிடம் இல்லை.

ஆங்கில மூலமே தெளிவாக இல்லை. நானே திருத்தி எழுதிவிடலாமா?

கூடாது. "பைவீக்லி" என்று இருந்தால் அது வாரத்துக்கு இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா என்று நீங்கள் ஊகித்தால், தமிழ் படிப்பவரும் ஆங்கிலம் படிப்பவரும் வெவ்வேறு ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொண்டவர்களாகிவிடுவார்கள். பக்கம், வாக்கியம், இரண்டு பொருள்கள், உங்கள் கேள்வி என்று எழுதி ஆராய்ச்சிக் குழுவுக்கு அனுப்புங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். ஆங்கிலத்தையும் திருத்தச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகு மூலத்தில் ஒரு பத்தி மாறினால்?

பழைய, புதிய ஆங்கில வடிவங்களை ஒப்பிட்டு, மாறிய வாக்கியங்களை மட்டும் மொழிபெயருங்கள். மாறாத பகுதியை அழகுபடுத்தத் தொடாதீர்கள். புதிதாக ஒரு ஆபத்து சேர்ந்திருந்தால், அந்தச் சொல் பழைய பகுதியில் வேறு பொருளில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடுங்கள். "ரத்தக்கட்டு" போன்றவை இரண்டாம் முறை நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். தமிழ்ப் படிவத்தின் அடிக்குறிப்பில் அதன் பதிப்பு எண், தேதியோடு, அது எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். திருத்திய தமிழ் வடிவம் மறுபடியும் குழுவின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். அது வரும்வரை அதில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது.